காய்ந்த பலகையில் முடுக்கிய நட்டு

கொளஞ்சியப்பனோடு பஸ்ஸில் போகிறவர்கள் கொஞ்சம் பொறுமைசாலிகளாக இருக்க வேண்டும். உட்கார்ந்ததும் அவர் ஜன்னலுக்கு வெளியே பார்க்க மாட்டார். குனிந்து சீட்டுக்கு அடியில் பார்ப்பார். பலகையை இரும்பு ஆங்கிளோடு எதைப் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள், வாசர் போட்டிருக்கிறார்களா, நட்டுக்கு வெளியே போல்ட்டின் மரைச் சுற்று எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று ஒரு நோட்டம் விட்ட பிறகுதான் டிக்கெட்டுக்குச் சில்லறை எடுப்பார். ஒருமுறை ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் ஆடிக்கொண்டிருந்த சீட்டை இறங்குவதற்குள் முடுக்கிக் கொடுத்துவிட்டார். சட்டைப் பையில் பேனா வைத்துக்கொள்ளாத ஆள், இடுப்பில் சின்ன ஸ்பேனர் இல்லாமல் வெளியே வர மாட்டார்.

நல்லூர்ப் பக்கம் சொந்த ஊர். இளமையில் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் பல வருஷம் வேலை. மரத்தையும் இரும்பையும் சேர்த்து வைப்பதுதான் அங்கே முழுநேரத் தொழில். அந்தத் தெம்போடு விருத்தாசலம் வந்து, பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு ஓரமாக ஷெட் போட்டுக்கொண்டார். பொம்மை வார்ப்பவர்கள், ஃபியூஸ் கட்டை செய்பவர்கள் எல்லோருக்கும் ரேக்கு, ஸ்டாண்டு, தள்ளுவண்டி அவர் கைவேலைதான். வேலையில் சுத்தம். வாயில் மட்டும் கொஞ்சம் பெருமை தூக்கல். "நான் பூட்டுனது ஆடாதுங்க" என்பார். கேட்டவர்கள், கேட்காதவர்கள் எல்லோரிடமும் சொல்வார். பூட்டிக் கொடுத்த அன்றைக்கு ஆடாதுதான். அதனால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

அவர் மனைவி துர்கா அதே பேட்டையில் பூர்ணிமா என்பவரின் பொம்மைக் கூடத்தில் ஃபினிஷிங் வேலை பார்க்கிறாள். அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மையின் ஓரத்தில் இருக்கும் பிசிறைச் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து, மூக்கும் முழியும் எடுப்பாகத் தெரியும்படி செய்வது அவள் வேலை. வருஷக்கணக்காக மற்றவர்கள் வடித்த பிள்ளையாருக்கும் செட்டியாருக்கும் மூக்கு சரிசெய்து கொண்டிருந்தவள், போன வருஷம் ஒரு நாள் கையில் மிச்சமிருந்த களிமண்ணில் ஒரு பஸ் கண்டக்டரை உருட்டினாள். ஒரு கையில் விசில், இன்னொரு கையைத் தலைக்கு மேலே தூக்கி "ரைட்" சொல்கிற கண்டக்டர். அடுத்து, பலாப்பழத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிற ஒரு அம்மாள். குடையை மறந்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிற ஒரு பெரியவர். இப்படியே ஒரு பஸ் ஸ்டாண்டு கொலு செட்டு உருவாகிவிட்டது.

பூர்ணிமாவுக்கு நாற்பது வயதிருக்கும். சிரித்துப் பேசுவார், ஆனால் கணக்கில் கறார். செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா, கண்டக்டர பார்த்தா எனக்கே சில்லற கேக்கணும் போல இருக்குது. அச்சு எடுத்துடலாம். ஆனா ஒண்ணு. இந்த கை தூக்கிக்கிட்டு இருக்குது பாருங்க, இது சூளை வரைக்கும் முழுசா போய் சேரணும். ஒரு ஈடு, ஒரு வண்டி பொம்மையும் முழுசா வெந்து வந்துச்சுன்னா இந்த வருஷ கொலு லிஸ்ட்ல சேர்த்துடறேன். நீங்களும் ஃபினிஷிங்க விட்டுட்டு மாடல் ரூமுக்கு வந்துடுங்க. உடைஞ்சா, அடுத்த வருஷம் பார்ப்போம்."

மாடல் ரூம் என்றால் கூடத்தின் வடகோடியில் வெளிச்சமுள்ள ஒரு அறை. அங்கே உட்கார்ந்து சொந்தமாகப் பொம்மை வடிப்பவர் ஒருவர் இருந்தார், வேலையை விட்டுப் போய்விட்டார். அந்த நாற்காலி காலியாக இருந்தது. துர்கா கிளம்பும்போது அதை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் கொளஞ்சியப்பனிடம், "எனக்கு அந்த நாற்காலி வேணுங்க" என்றாள். இருபத்தைந்து வருஷத்தில் அவள் இப்படி எதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை. கொளஞ்சியப்பனுக்குத் தலைகால் புரியவில்லை.

"கவலய வுடு. உன் பொம்மைக்கு புது வண்டியே செஞ்சி தரேன். பல்லக்குல போவுற மாதிரி போவும்" என்றார்.

பச்சைப் பொம்மை பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வார்த்தெடுத்ததும் அது ஈரமாக, கொஞ்சம் வளைந்து கொடுக்கும். வண்டித் தட்டில் அடுக்கி, சூளைச் சூடு வீசும் உலர்த்துகிற ஷெட்டில் சில நாள் வைப்பார்கள். நன்றாகக் காய்ந்த பிறகு அதே வண்டியைத் தள்ளிக்கொண்டு முற்றத்தைக் கடந்து சூளைக்குப் போவார்கள். காய்ந்து வேகாத அந்த நிலையில்தான் பொம்மைக்கு உயிர் நூலில் தொங்கும். முற்றத்தில் சிமெண்டுப் பாளங்களின் இணைப்பு ஒவ்வொன்றிலும் சக்கரம் ஏறி இறங்கும். பலகை லேசாகத் துள்ளினாலும் போதும், ஒட்டுப் போட்ட கையோ கழுத்தோ விரிந்துவிடும். கண்டக்டரின் தூக்கிய கை தனியாக வார்த்து ஒட்டியது.

கொளஞ்சியப்பன் செய்த வண்டி பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆங்கிளில் மூன்று தட்டுச் சட்டம், ஒன்றேகால் அங்குலப் பலகை, ரப்பர் சக்கரம். பலகையின் மேல்பக்கம் எதுவும் துருத்தக் கூடாது, பொம்மை சாய்ந்துவிடும் என்று யோசித்து, கீழேயிருந்து ஆங்கிள் ஓட்டை வழியாகக் கோச் ஸ்க்ரூ ஏற்றியிருந்தார். ஆணிக்கும் போல்ட்டுக்கும் நடுவில் பிறந்தது மாதிரி இருக்கும் அது. தலை அறுகோணம், ஸ்பேனரால் திருக வேண்டும். உடம்பில் முரட்டு மரை, முனை கூர். நட்டு கிடையாது, மரத்தையே நட்டாக வைத்துக் கடித்துக்கொள்ளும்.

முதல் ஈடு கிளம்பிய அன்று பேட்டையே வேடிக்கை பார்த்தது. பாதி முற்றம் தாண்டுவதற்குள் கடகடவென்று சத்தம் வந்தது.

"என்னா சத்தம் அது?" என்றார் கொளஞ்சியப்பன்.

"பலகதாங்க ஆடுது" என்றாள் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்த துர்கா.

"அது எப்புடி ஆடும்? நான் பூட்டுனது."

ஆடியது. சூளை வாசலில் போய்ப் பார்த்தபோது கண்டக்டர்களில் பாதிப் பேருக்குக் கையில்லை. துர்கா உடைந்த கைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டாள். வேகாத மண்தானே, மறுபடி கரைத்துக்கொள்ளலாம். அவள் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தாலாவது கொளஞ்சியப்பனுக்கு அன்று சாப்பாடு இறங்கியிருக்கும்.

மறுநாள் காலையில் ஜங்ஷன் ரோட்டில் காஸ்பரின் ஹார்டுவேர் கடைக்குப் போனார். காஸ்பரும் இவரும் ஒரே வயது, பல வருஷப் பழக்கம். கல்லாவிலிருந்தே கேட்டார் காஸ்பர்.

"என்னா கொளஞ்சி, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?"

"கோச் ஸ்க்ரூ கால வாரிடுச்சி." கொளஞ்சியப்பன் கழற்றிக் கொண்டுவந்ததை மேசைமேல் வைத்தார். மரையின் இடுக்கில் மர நார் பிய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

காஸ்பர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "எத்தன கனம் பலக?"

"ஒண்ணேகால்."

"அப்ப இது உள்ள கடிச்சதே ஒரு அங்குலம் இருக்காதே. இது முழு கட்டைக்கு போடறதுய்யா. ரெண்டு அங்குலமாவது மரத்துக்குள்ள போனாதான் நிக்கும். நாமக்கல்லுல வேல பார்த்தவன் நீ, உனக்கு நான் சொல்லணுமா?"

"மேல தல துருத்த கூடாதுன்னு பார்த்தேன்."

"அதுக்குதான் கேரேஜ் போல்ட் இருக்குது."

ஒரு பெட்டியைத் திறந்து கொட்டினார். கேரேஜ் போல்ட்டின் தலை குடை மாதிரி வழவழவென்று இருக்கும். திருப்புளி வைக்கக் காடி கிடையாது. தலைக்குக் கீழே கழுத்து சதுரம். மரத்தில் வட்ட ஓட்டை போட்டு, போல்ட்டை மேலிருந்து அடித்து இறக்கினால் சதுரத்தின் மூலைகள் மரத்தைக் கவ்விக்கொள்ளும். பிறகு கீழே நட்டைத் திருகும்போது போல்ட் கூடவே சுற்றாது. மேலே ஆள் பிடிக்க வேண்டிய அவசியமில்லை.

"மெஷின் ஸ்க்ரூவும் இருக்குது, வேணுமா?" என்றார் காஸ்பர். அது சீரான சன்ன மரை உள்ளது. இரும்பில் மரை போட்டு அதில் ஏற்ற வேண்டும், அல்லது நட்டுப் போட வேண்டும். மரத்தைக் கடிக்கிற வேலை அதற்குத் தெரியாது.

"சன்ன தல. மரத்துக்குள்ள அமுங்கிடும். கேரேஜ் போல்ட்டே குடு, எட்டு எம்எம்."

"நட்டு பக்கம் பிளேன் வாசர், அதுக்கு மேல ஸ்பிரிங் வாசர். தல பக்கம் வாசர் போட்டுடாத, சதுரம் மரத்துல எறங்காது."

"தெரியும்யா, தெரியும்."

பூர்ணிமாவின் கூடத்தில் வண்டியைக் கழுவி, சொட்டச் சொட்டத் தயாராக நிறுத்தியிருந்தார்கள். அது பேட்டை வழக்கம். ஃபிட்டர் கையில் எதைக் கொடுத்தாலும் குழாயைப் பீய்ச்சி, ஒட்டியிருக்கும் களிமண்ணைக் கழுவித்தான் கொடுப்பார்கள். ஓட்டையில் மண் அடைத்திருந்தால் ட்ரில் பிட் வீணாகும், ஃபிட்டருக்கும் ஒரு மரியாதை. கொளஞ்சியப்பனுக்கு அந்த மரியாதை ரொம்பப் பிடிக்கும். அன்றும் ஈரப் பலகையில் ஓட்டை போட்டு, போல்ட்டை அடித்து இறக்கி, ஸ்பேனர் முனகுகிற வரை முடுக்கினார். முடித்ததும் துர்காவின் நகப்பாலிஷ் சீசாவை வாங்கி, ஒவ்வொரு நட்டிலும் அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த மரை மேலும் சேர்ந்தாற்போல் சிவப்பாக ஒரு கோடு இழுத்தார். நட்டு மயிரிழை சுழன்றாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும். பட்டறைக்காரர்கள் செய்கிற தந்திரம் அது.

பிறகு நடுத்தட்டில் ஒரு கிளாஸ் டீயை நிறைய ஊற்றி வைத்து, வெறும் வண்டியை முற்றத்தில் தள்ளிக்கொண்டு போனார். ஒரு பொட்டு சிந்தவில்லை. டீயைக் குடித்துக்கொண்டே திரும்பி வந்தார்.

"மேடம், பார்த்துக்குங்க. நான் பூட்டுனது."

பூர்ணிமா சிரித்தார். ஆனால் இந்தத் தடவை கொஞ்சம் எச்சரிக்கை. "முழு ஈடும் ஏத்த வேணாம்ண்ணே. மேல் தட்டுல மட்டும் நாலு கண்டக்டர் காய வெப்போம். அது ஒழுங்கா போனா மிச்சத்த வார்ப்போம். அடுத்த மாசக் கடைசில லிஸ்ட்ட வியாபாரிங்களுக்கு அனுப்பணும். அதுக்கு மேல என்னால புடிச்சி வெக்க முடியாது."

நாலு கண்டக்டர்களும் காய்ந்தார்கள். கிளம்பினார்கள். மூன்றாவது பாளத்தைத் தாண்டும்போது அதே கடகட. இரண்டு பேருக்குக் கை போயிற்று.

கொளஞ்சியப்பன் வண்டியைத் தன் ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். யார் முகத்திலும் விழிக்க அவருக்குப் பிடிக்கவில்லை. அடியில் மல்லாந்து படுத்து ஒரு நட்டைத் தொட்டார். விரலாலேயே சுற்ற வந்தது. அடுத்ததும் அப்படித்தான். ஸ்பேனரை வைத்து முடுக்கினால் மேலே குடைத்தலையும் சேர்ந்து சுற்றியது. கழுத்துச் சதுரம் தன் பிடியை விட்டிருந்தது. இவ்வளவும் போதாதென்று, அவர் தொடாத நட்டு ஒவ்வொன்றிலும் நகப்பாலிஷ் கோடு முறியாமல் அப்படியே இருந்தது. சுழலவே இல்லாத நட்டு எப்படி லூசாகும்? இத்தனை வருஷத் தொழிலில் அவர் முதன்முதலாகப் பயந்தார். தனக்கு வேலை மறந்துவிட்டதோ என்றே தோன்றியது.

மத்தியானச் சாப்பாட்டுத் தூக்கோடு துர்கா வந்தாள். அவர் எழுந்திருக்கவில்லை.

"சாப்புட வாங்க."

"எனக்கு வேணாம். இங்க வந்து பாரு. கோடு ஒண்ணுகூட முறியல. ஆனா எல்லா நட்டும் லூசு. எவனோ பேய் புடிச்ச போல்ட்ட குடுத்துட்டான்."

துர்கா தூக்கை வைத்துவிட்டு, புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். நட்டைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள். கையை நீட்டிப் பலகையின் அடியைத் தடவினாள். பிறகு வாசரைச் சுண்டு விரலால் நெருடினாள். அது கிளிங் என்று ஆடியது.

"நட்டும் நகரல, போல்ட்டும் நீளல. அப்ப நடுவுல இருக்கறதுதான் கொறஞ்சிருக்குது" என்றாள்.

"என்னா கொறஞ்சிருக்குது?"

"பலகங்க. காஞ்சி மெலிஞ்சிடுச்சி."

"மரம் எப்புடி மெலியும்? அது என்னா உன் களிமண்ணா?"

"ஏன், ரெண்டும் தண்ணிய குடிக்கறதுதான? கண்டக்டருக்கு மாடல் வடிக்கும்போது நான் ஒரு வெரக்கட கூடுதலா வெச்சிதான வடிக்கறேன்? காஞ்சி வெந்து வர்றதுக்குள்ள அவன் சின்னதாயிடுவான்னு தெரிஞ்சி வெக்கறேன். நீங்க பலகைய நல்லா நனைச்சி உப்ப வெச்சி முடுக்கறீங்க. அப்புறம் அதையே கொண்டுபோயி சூட்டுல வெச்சிக் காய வெக்கறோம். அது சுருங்காம என்னா பண்ணும்?"

கொளஞ்சியப்பன் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். முதுகில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டவில்லை. ஸ்கேலை எடுத்துப் பலகையின் கனத்தை அளந்தார். ஒரு மில்லிமீட்டருக்கு மேலேயே குறைந்திருந்தது. ஸ்பிரிங் வாசர் அவ்வளவு தூரம் விரிந்து ஈடுகொடுக்காது. அதன் தெம்பு மயிரிழைக்குத்தான். சதுரக் கழுத்தும் மரம் ஊறி மெத்தென்று இருந்தபோது கவ்வியதுதான், மரம் காய்ந்ததும் பிடி விட்டுப்போயிற்று. நாமக்கல்லில் வெயிலில் அடுக்கிக் காய வைத்த மரத்தில் பாடி கட்டினார்கள். மழையில் நனைந்தால் மரம் உப்பிப் போல்ட்டை இன்னும் இறுக்கும். இங்கே எல்லாம் தலைகீழ். பேட்டையில் ரேக்கு ஆடாத கூடமே கிடையாது. எல்லோரும் வாரத்துக்கு ஒருமுறை ஸ்பேனரோடு சுற்றுகிறார்கள், வண்டி குலுங்கி நட்டு கழன்றுவிட்டது என்று சொல்லிக்கொள்கிறார்கள். கழுவிக் கொடுத்த மரியாதைதான் காரணம் என்று இவருக்கும் இத்தனை வருஷம் தெரியவில்லை.

அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. பேய் இல்லை, வேலை மறக்கவும் இல்லை. அது போக, இவ்வளவு கெட்டிக்காரி தன் வீட்டில் இருக்கிறாள் என்பதில் வந்த பூரிப்பு வேறு. சிரித்துவிட்டார்.

"என்னாங்க சிரிப்பு?"

"சோத்த போடு. பசிக்குது."

சாப்பிட்டுக் கை கழுவியதும் வேலை ஆரம்பமாயிற்று. பழைய பலகைகளில் ஓட்டைகள் தேய்ந்துவிட்டன, அவற்றைக் கழித்துவிட்டார். புதுப் பலகைகளை வாங்கி, முதலில் உலர்த்துகிற ஷெட்டிலேயே அடுக்கி வைத்தார். "பொம்மைக்கு முன்னாடி பலக காயட்டும்" என்று பூர்ணிமாவிடம் சொன்னபோது அவர் புருவத்தை உயர்த்தினார். காரணத்தைக் கேட்டதும், "இது யார் கண்டுபுடிச்சது?" என்றார்.

"என் வூட்டுக்காரி" என்றார் கொளஞ்சியப்பன். அதைச் சொல்லும்போது, நான் பூட்டியது ஆடாது என்று சொல்லும்போது வருவதைவிடக் கூடுதலாகவே பெருமை வந்தது.

பலகைகள் நன்றாகக் காய்ந்ததும் எல்லாப் பக்கமும் பெயிண்ட் அடித்தார், வெட்டிய முனைகளில் இரண்டு தடவை. தண்ணீர் முனை வழியாகத்தான் அதிகம் உறிஞ்சும். ஓட்டைகளின் உள்ளேயும் பிரஷ்ஷை விட்டு எடுத்தார். பெயிண்ட் ஆறிய பிறகு பூட்டத் தொடங்கினார். இந்தத் தடவை ஒரே சாமானை எல்லா இடத்துக்கும் போடவில்லை. தட்டுப் பலகைகளுக்குக் கேரேஜ் போல்ட், மரம் மேலேயும் இரும்பு கீழேயும் இருக்கிற இடம் அது. குடைத்தலைகள் ஓரமாக ஆங்கிளுக்கு நேர் மேலே வருவதால் பொம்மை உட்காருகிற இடத்துக்கு இடைஞ்சல் இல்லை. காய்ந்த மரத்தில் சதுரக் கழுத்து இறங்கும்போது கறுக்கென்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்காகவே இரண்டு அடி மெதுவாக அடித்தார். கீழே பிளேன் வாசர், ஸ்பிரிங் வாசர், நட்டு.

அடித்தட்டில் சக்கரத்துக்கு நேர் மேலே மட்டும் நட்டு வைக்க இடமில்லை. சக்கரத்தின் தகடு ஆங்கிளோடு சேர்த்து வெல்டிங் ஆகியிருந்தது, ஸ்பேனர் நுழையாது. ஆனால் இரண்டு இரும்பும் சேர்ந்து நல்ல கனம் இருந்தது. அங்கே இரும்பிலேயே மரை போட்டு, மேலிருந்து மெஷின் ஸ்க்ரூவை இறக்கினார். சன்னத் தலை மரத்தில் புதையாமல் இருக்க அடியில் அகலமான வாசர். அந்த ஓரத்தில் பொம்மை வைக்கக் கூடாது என்று பெயிண்டில் ஒரு பெருக்கல் குறி போட்டார். வண்டியின் முன்னால் சுவரில் இடித்தால் தாங்க மூன்று அங்குலக் கட்டை ஒன்று உண்டு. அதை இரும்புத் தூணோடு சேர்க்கக் கோச் ஸ்க்ரூவையே எடுத்தார். தூணின் பின்பக்கத்து ஓட்டை வழியாக, வாசர் கோத்து, கட்டையில் முன்னதாகச் சன்ன ஓட்டை போட்டுத் திருகியபோது அது கனமான மரத்துக்குள் இரண்டு அங்குலத்துக்கு மேல் கடித்து நின்றது.

"பாத்தியா? இதுவும் நல்ல புள்ளதான். நான்தான் தப்பான எடத்துல வேலைக்கு அனுப்பிட்டேன்" என்று துர்காவிடம் காட்டினார்.

வண்டி கூடத்துக்குப் போன அன்று குழாயைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். கொளஞ்சியப்பன் கிட்டத்தட்ட வண்டி மேலேயே விழுந்து தடுத்தார். "இனிமே இத கழுவக் கூடாது. துணியால தொடைங்க. எனக்கு மரியாத வேணாம்!" கூடமே சிரித்தது.

மறுபடி முழு ஈடு வார்த்தார்கள். பொம்மையின் ஈரம் பலகையில் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், பெயிண்ட் முழுக்கத் தடுத்துவிடாது என்று கொளஞ்சியப்பனுக்குத் தெரியும். அதனால் காய்ந்து முடித்ததும், வண்டி நகருவதற்கு முன்னால், அடியில் படுத்து ஒவ்வொரு நட்டையும் தொட்டுப் பார்த்தார். இரண்டு மூன்று மட்டும் கால் சுற்று வாங்கின. தலை சுற்றவில்லை. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"நீ தள்ளு" என்றார் துர்காவிடம்.

"நீங்க?"

"நான் காத குடுத்துக்கிட்டு கூட வரேன்."

துர்கா தள்ளினாள். முதல் பாளம், இரண்டாவது பாளம். சக்கரம் டொக்கென்று ஏறி இறங்கியது. பலகையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. கண்டக்டர்கள் எல்லோரும் கையைத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் போனார்கள். பக்கத்துக் கூடத்துக்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள். யாரும் பேசவில்லை, பேச்சுச் சத்தத்திலேயே உடைந்துவிடும் என்று நினைத்தவர்கள் போல. கொளஞ்சியப்பன் கூடவே நடந்தார், காது மட்டும் வண்டிக்கு அடியிலேயே இருந்தது. சூளை வாசலில் வண்டி நின்றபோதுதான் மூச்சு விட்டார். ஒரு கைகூட விரியவில்லை.

சூளை பிரித்த அன்று பூர்ணிமாவே நேரில் வந்தார். வெந்து வெளுத்த பொம்மைகளை மேசையில் வரிசையாக வைத்தார்கள். அவர் ஒவ்வொன்றையும் எடுத்து விரலால் சுண்டிப் பார்த்தார். விரிசல் விழுந்திருந்தால் சத்தம் மட்டமாக வரும். கணீர், கணீர் என்றே வந்தது. கடைசிப் பொம்மையைச் சுண்டிவிட்டு நிமிர்ந்தார்.

"துர்காக்கா, செட்டு லிஸ்ட்ல சேர்ந்தாச்சு, நாளைக்கு ஃபினிஷிங் பக்கம் போகாதீங்க. நேரா மாடல் ரூமுக்கு வந்துடுங்க."

எல்லோரும் கைதட்டினார்கள். துர்கா மேசையருகே போய், அங்கே இருந்த ஒரு பொம்மையைக் கவிழ்த்து அடியைப் பார்த்தாள். வெறுமையாக இருந்தது.

"மேடம், மாடல் வடிக்கறவங்க அடியில அவங்க எழுத்த கீறி வெப்பாங்கல்ல?"

"ஆமா. நீங்க ஏன் கீறல?"

"முழுசா வந்தப்புறம் கீறிக்கலாம்னு இருந்தேன்."

பூர்ணிமா மாடல் ரூமிலிருந்து மூல மாடலையும் ஒரு கூர்க்கம்பியையும் கொண்டுவரச் சொன்னார். அடுத்த அச்சு அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். துர்கா அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கண்டக்டரை மடியில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு, நிதானமாக 'து' என்று கீறினாள். கொஞ்சம் யோசித்தாள். பக்கத்தில் 'கொ' என்று கீறப் போனாள்.

கொளஞ்சியப்பன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். எத்தனையோ பேர் முன்னால் எதற்கும் கூசாத மனிதர், எல்லோரும் பார்க்கப் பார்க்க அவர் கண்ணில் தண்ணீர் கொட்டியது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"எனக்கு வேணாண்டி" என்றார். "இது நீ பூட்டுனது."